ஒரே குழந்தை, இரு வேறு மூச்சு நிறுத்தங்கள்: 18ஆம் நாளும் 36ஆம் நாளும்

(குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பிறந்து 18 நாளான பெண் குழந்தை. 39 வாரம் முடிந்து சுகப்பிரசவம், பிறந்த எடை 2.9 கிலோ. பிறந்ததும் அழுதிருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்திருக்கிறது, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா, அப்பா, அம்மாச்சி மூவரும் வந்தார்கள். கையில் இன்னொரு மருத்துவமனையின் சீட்டு. "மூச்சு நிமிடத்துக்கு 72, நிமோனியாவாக இருக்கலாம், சேர்த்து ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கவும்" என்று அதில் எழுதியிருந்தது.

அம்மாச்சி சொன்னது வேறு. "வேகமா மூச்சு வாங்குதுன்னு நாங்க வரலைங்க டாக்டரம்மா. புள்ள தூங்கையில மூச்ச நிறுத்திருது. அப்புறம் படபடன்னு விடுது. மறுபடி நிறுத்திருது. நாலு நாளா ராத்திரி யாருமே தூங்கல."

அம்மா தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். இரண்டு நிமிடம் ஓடியது. நல்ல வெளிச்சத்தில், சட்டையை விலக்கி, முகமும் வயிறும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்திருந்தார். பெரும்பாலும் போர்வைக்குள் இருக்கும் குழந்தையின் மங்கலான முகம்தான் எங்களுக்கு வந்து சேரும் என்பதால், இந்த வீடியோவின் அருமை எனக்குத் தெரிந்தது. பிறந்த குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும். நெஞ்சைப் பார்த்து எண்ணினால் பாதி மூச்சு தவறிவிடும், வயிறு தெரிந்தால் எதுவும் தவறாது.

வீடியோவில் கண்டது இது. ஏறத்தாழ 15 விநாடி வேகமாக மூச்சு விடுகிறது. முதலில் மேலோட்டமாக, பிறகு கொஞ்சம் ஆழமாக, மறுபடி மேலோட்டமாக. பின் வயிறு அசையாமல் நிற்கிறது. நான் எண்ணியபோது 7 விநாடி. திரும்ப வேகமான மூச்சு, திரும்ப நிறுத்தம், இப்போது 6 விநாடி. அடுத்தது 7, அதற்கடுத்தது 5. இத்தனையிலும் உதடு இளஞ்சிவப்பாகவே இருக்கிறது, கை மடங்கியபடியே கிடக்கிறது, முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. யாரும் தட்டவில்லை, தூக்கவில்லை. மூச்சு தானாக நின்றது, தானாகவே தொடங்கியது.

இதற்குப் பெயர் பீரியாடிக் பிரீத்திங். விட்டு விட்டு வரும் மூச்சு என்று இங்கே சொல்லிக்கொள்வோம். வழக்கமான வரையறைப்படி, ஒவ்வொன்றும் 3 விநாடிக்குக் குறையாத நிறுத்தங்கள் குறைந்தது மூன்று அடுத்தடுத்து வர வேண்டும். அவற்றுக்கு இடையில் வரும் மூச்சு 20 விநாடிக்கு மிகக் கூடாது. நிறுத்தங்கள் பெரும்பாலும் 5 முதல் 10 விநாடிக்குள் முடிந்துவிடும்.

72 எங்கிருந்து வந்தது

அந்தச் சீட்டில் எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறார். வேகமாக மூச்சு விடும் 15 விநாடியில் இந்தக் குழந்தை 18 முறை மூச்சு விட்டது. நான்கால் பெருக்கினால் 72. அவர் சில விநாடி தள்ளித் தொடங்கி, இடையில் 7 விநாடி நிறுத்தமும் வந்திருந்தால், மீதி 8 விநாடியில் பத்து மூச்சுதான் கிடைத்திருக்கும், கணக்கு 40 என்று வந்திருக்கும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினேன்: 52. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி: 48. இரண்டுமே இந்த வயதுக்கு இயல்பான எண்ணிக்கை.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60ம் அதற்கு மேலும்தான் வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியைப் பின்பற்றி நம் செவிலியர்களுக்குச் சொல்லித்தரும் ஐஎம்என்சிஐ பயிற்சியில், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நிமிடமும் எண்ண வேண்டும் என்று இருக்கிறது. இரண்டாவது முறை எண்ணச் சொல்வதற்குக் காரணமே இந்த வயதுக் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது என்பதுதான். கூட்டமான ஓபியில் அந்த இரண்டாவது நிமிடம்தான் முதலில் கைவிடப்படுகிறது. அதற்கு விலையாக ஒரு குழந்தை ஏழு நாள் ஊசி போட்டுக்கொள்ள நேர்கிறது.

அன்றிரவு என்ன செய்தோம், என்ன செய்யவில்லை

எண்ணிக்கையும் வீடியோவும் மட்டும் போதாது. விட்டு விட்டு வரும் மூச்சு என்று சொல்லும் உரிமை, குழந்தை மற்ற எல்லா விதத்திலும் நலமாக இருக்கிறது என்று பார்த்த பிறகே கிடைக்கிறது. எடை 3.2 கிலோ. பிறந்த எடையைத் தாண்டி ஒழுங்காக ஏறியிருக்கிறது. வெப்பம் 36.8 டிகிரி செல்சியஸ். பால் இழுத்துக் குடிக்கிறது, ஒரு நாளில் எட்டுப் பத்து முறை சிறுநீர் கழிக்கிறது. உச்சிக்குழி சமமாக இருந்தது. இதயத்தில் கூடுதல் சத்தம் இல்லை. நெஞ்சு உள்வாங்கவில்லை, முனகல் இல்லை.

அம்மாச்சியிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டேன். உரை மருந்து கொடுக்கிறீர்களா, தூக்கம் வரட்டும் என்று கசகசா அரைத்துக் கொடுத்ததுண்டா, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவீர்களா, தூளியில் போடுகிறீர்களா. குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது. "எங்க வீட்லயும் எண்ணெய் விடுவாங்க, நீங்க எப்படி?" என்று கேட்டால் வரும். எண்ணெய் மட்டும் விட்டிருந்தார்கள், தூளியில் பகலில் போடுகிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிஜமான நிமோனியாவே வரும், அதனால் அதை நிறுத்தச் சொன்னேன். தூளியில் கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் இடிக்கும்போது மூச்சுக்குழாய் ஒடுங்கும், உள்ளே முகமும் தெரியாது. சின்னக் குழந்தையைச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாத்தித் தூங்க வைப்பதே நல்லது என்றேன். அதற்கு அம்மாச்சி முகம் சுளித்தார். நான்கு பிள்ளைகளைத் தூளியில் வளர்த்தவர்.

பிறகு குழந்தையைத் தூங்க வைத்து, காலில் குழந்தைகளுக்கான சென்சாரை ஒட்டி, மானிட்டரில் 40 நிமிடம் பார்த்தோம். அந்த நேரத்தில் மூன்று முறை இதே சுழற்சி வந்தது. நிறுத்தத்தின்போது இதயத்துடிப்பு 138லிருந்து 126க்கு இறங்கித் திரும்பியது. ஆக்சிஜன் அளவு 97லிருந்து 94க்கு வந்து உடனே ஏறியது. இந்த அளவுச் சரிவு எதிர்பார்க்கக்கூடியதுதான். கடையில் பெரியவர்களுக்கு விற்கும் விரல் கருவியைக் குழந்தையின் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது. கால் உதைத்தாலே அது 80 காட்டும்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஆன்டிபயாடிக் தொடங்கவில்லை. குதிகாலில் ஒரு சொட்டு எடுத்து சர்க்கரை மட்டும் பார்த்தோம், 74 இருந்தது. நேர்மையாகச் சொன்னால் அதுவும் தேவைப்படவில்லை, என் மன நிம்மதிக்காகச் செய்தது.

மூச்சு ஏன் இப்படி ஊசலாடுகிறது

அப்பா கேட்ட கேள்வி நியாயமானது: "நோய் இல்லன்னா அப்ப ஏன் மேடம் நிக்குது?"

மூச்சை நடத்துவது மூளைத்தண்டு. அதற்கு இரண்டு இடங்களிலிருந்து தகவல் வருகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறதா என்று மூளைத்தண்டே கவனிக்கிறது. ஆக்சிஜன் குறைகிறதா என்பதைக் கழுத்துத் தமனியில் இருக்கும் கரோட்டிட் உணரிகள் சொல்கின்றன. கார்பன் டை ஆக்சைடு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மூளைத்தண்டு மூச்சுக்கு உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிடும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவுக்கும் இந்த நிறுத்த அளவுக்கும் இடையில் ஓரளவு இடைவெளி உண்டு. பிறந்த குழந்தைக்கு அந்த இடைவெளி 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பாதரசம்தான். ஒரு பெருமூச்சு விட்டாலே போதும், எல்லை தாண்டிவிடும், மூச்சு நின்றுவிடும். நின்ற சில விநாடிகளில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, ஆக்சிஜன் சற்று இறங்குகிறது, கரோட்டிட் உணரிகள் உரக்கச் சொல்கின்றன. குழந்தை தேவைக்கு மேலேயே வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு மறுபடி எல்லைக்குக் கீழே இறங்குகிறது. ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடியும் நின்றும் குளிரைச் சமன்செய்வது போலத்தான் இதுவும். கட்டுப்பாடு வேலை செய்வதால் வரும் ஊசல் இது. மூளைத்தண்டு முதிர முதிர ஊசலின் வீச்சு குறையும். இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை அதிகமாகத் தெரிந்து, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் போய்விடும்.

இந்த விளக்கத்திலிருந்தே ஒரு முக்கியமான எச்சரிக்கையும் கிடைக்கிறது. பிறந்தவுடன் ரத்தத்தில் ஆக்சிஜன் திடீரென்று உயர்வதால், கருப்பையின் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிய கரோட்டிட் உணரிகள் முதல் இரண்டு நாள் ஏறக்குறைய ஊமையாகிவிடுகின்றன. உணரி பேசாதபோது ஊசல் உண்டாகாது. ஆகவே முதல் 48 மணி நேரத்தில் முழுமாதக் குழந்தை மூச்சை நிறுத்தினால், "இந்த வயதில் சகஜம்தான்" என்று அனுப்பிவிடக் கூடாது. கிருமித்தொற்று, சர்க்கரைக் குறைவு, வலிப்பு, தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து ஆகியவற்றைத் தேட வேண்டும்.

36ஆம் நாள்

18ஆம் நாள் இரவு அனுப்பும்போது வெறும் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. அடுத்த முறை உண்மையிலேயே ஏதோ நடக்கும்போது, "டாக்டரம்மாதான் ஒண்ணுமில்லன்னாங்களே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். எது வேறுபட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்று அம்மாச்சியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். நாக்கும் உதடும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது. உடம்பு துவண்டு போவது. தட்டினால்தான் மூச்சு திரும்புவது. வேகமான மூச்சுச் சுழற்சி ஏதுமில்லாமல் திடீரென்று ஒரு நிறுத்தம் வருவது. விழித்திருக்கும்போது அல்லது பால் குடிக்கும்போது நிற்பது. கையும் காலும் மட்டும் நீலமாக இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், குளிரில் அது வரும். மாநிறக் குழந்தைக்குத் தோலில் நீலம் தெரியாது, வாய்க்குள்ளேதான் பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழை நாளொன்றில் மறுபடி வந்தார்கள். குழந்தைக்கு அன்று 36 நாள். நான்கு வயது அண்ணனுக்கு ஒரு வாரமாகச் சளி. குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு, பால் பாதியாகக் குறைந்திருந்தது. "இது அது இல்லைங்க. மடியில முழிச்சுக்கிட்டு கெடந்துச்சு. ஒரேடியா நின்னுச்சு. நாக்கு கருநீலமாப் போச்சு, துணி மாதிரித் தொவண்டுருச்சு. உள்ளங்கால்ல சுண்டினேன், அப்புறம்தான் அழுதுச்சு," என்றார் அம்மாச்சி. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு அம்மா ஐந்து நிமிடம் என்றார், அப்பா அரை நிமிடம் என்றார். வீட்டில் சொல்லும் நேரத்தை நான் எழுதிக்கொள்வதோடு சரி, அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. பயத்தில் விநாடிகள் நீளும். நிறமும் தளர்ச்சியும்தான் நினைவில் சரியாக நிற்கின்றன.

அவசரப் பிரிவில் மானிட்டரை மாட்டி இருபது நிமிடம் ஆவதற்குள் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு முறை நின்றது. வயிறு அசையவில்லை, நெஞ்சும் அசையவில்லை. 12 விநாடி. இதயத்துடிப்பு 148லிருந்து 76க்கு விழுந்தது. ஆக்சிஜன் 78. செவிலியர் முதுகைத் தேய்த்ததும் மூச்சு வந்தது.

இந்த 12 விநாடி பற்றிச் சொல்ல வேண்டும். அப்னியா, அதாவது கவலைப்பட வேண்டிய மூச்சு நிறுத்தம், என்றால் 20 விநாடி என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வரையறையில் அதற்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. 20 விநாடிக்குக் குறைவாக இருந்தாலும், இதயத்துடிப்பு வேகம் குறைவது, நீலம் பாய்வது, வெளிறிப்போவது, உடல் துவள்வது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதுவும் அப்னியாதான். 18ஆம் நாள் நின்ற 7 விநாடிக்கும் இன்றைய 12 விநாடிக்கும் கடிகாரத்தில் வேறுபாடு 5 விநாடி மட்டுமே. முன்னதில் துடிப்பு 12 குறைந்தது, இதில் 72 குறைந்தது. முன்னதில் குழந்தை தானாகத் திரும்பியது, இதில் நாங்கள் திருப்பினோம். முடிவெடுக்க வைத்தவை இவைதான்.

முழுமாதக் குழந்தைக்கு அப்னியா வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மூளைத்தண்டின் முதிர்ச்சியின்மையே காரணமாக இருக்கலாம், முழுமாதத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது. சர்க்கரை 81, கால்சியம் இயல்பு. ரத்தப் பரிசோதனையும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் அனுப்பினோம். மூச்சு நிலைப்பட்ட பிறகு முதுகுத்தண்டு நீரும் எடுத்தோம், தெளிவாக இருந்தது. கல்ச்சர் வரும்வரை ஆன்டிபயாடிக் தொடங்கினோம். அன்றைக்கு அது தேவைதான், ஏனென்றால் இந்த வயதில் ரத்தத்தொற்றின் முதல் அறிகுறியே மூச்சு நிற்பதாக இருக்கலாம். கக்குவான் இருமலையும் மனதில் வைத்தோம். சின்னக் குழந்தைக்கு அந்தக் 'கூக்' ஒலியோடு இருமல் வராமல் அப்னியா மட்டுமே வரலாம். வீட்டில் யாருக்கும் நீண்ட நாள் இருமல் இல்லை. வலிப்பா என்றும் பார்த்தோம். கண் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, உதடு சப்புவது, கை விறைப்பது எதுவும் இல்லை. தவிர வலிப்பால் மூச்சு நின்றால் தொடக்கத்தில் இதயத்துடிப்பு பெரும்பாலும் இப்படிச் சரியாது.

மூக்குச்சளிப் பரிசோதனையில் ஆர்எஸ்வி வைரஸ் இருப்பது தெரிந்தது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகும் வைரஸ். முதல் இரண்டு மாதக் குழந்தைக்கு, மூச்சிரைப்பு தொடங்குவதற்கு முன்பே அப்னியாவாக வெளிப்படக்கூடும். ஆகவே "நெஞ்சில் சத்தமே இல்லையே" என்பது ஆறுதல் அல்ல.

வைத்தியம் எளிமையானது, ஆனால் கண்ணை எடுக்க முடியாதது. மூக்கில் உப்புநீர் விட்டுச் சளியை உறிஞ்சினோம். மூக்குக் குழாய் வழியாக, ஈரமும் சூடும் சேர்த்த ஆக்சிஜன் கலந்த காற்றை நிமிடத்துக்கு 8 லிட்டர் வேகத்தில் கொடுத்தோம். குழந்தையின் எடை அப்போது 3.8 கிலோ, கிலோவுக்கு 2 லிட்டர் என்ற கணக்கு. பாலைப் பிழிந்து வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுத்தோம். முதல் 24 மணி நேரத்தில் மேலும் மூன்று அப்னியா. இரண்டுக்கு முதுகைத் தேய்த்தது போதுமாக இருந்தது, ஒன்றுக்குப் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. குறைமாதக் குழந்தைகளின் அப்னியாவுக்கு நன்றாக வேலை செய்யும் காஃபீன் சிட்ரேட்டை இந்த வைரஸுக்குக் கொடுத்துப் பயன் கிடைத்ததாக நல்ல சான்று இல்லை, கொடுக்கவில்லை. நெபுலைசரும் வைக்கவில்லை. இரண்டு நாளில் கல்ச்சரில் எதுவும் வளராததால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம். கடைசி அப்னியாவுக்குப் பிறகு 48 மணி நேரம் முழுதும் எதுவும் வராமல், நேரடியாகப் பால் குடித்ததைப் பார்த்த பிறகு, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

காலில் மாட்டும் மானிட்டர்

போகும் முன் அப்பா போனில் ஒரு படத்தைக் காட்டினார். காலுறை போல மாட்டினால் மூச்சு நின்றதும் அலறும் கருவி. விலை பல ஆயிரம். வாங்கலாமா?

வேண்டாம் என்றேன். 2001இல் அமெரிக்காவில் வெளியான சைம் என்னும் ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வீட்டிலேயே மானிட்டர் மாட்டிக் கவனித்தார்கள். வழக்கமான அலாரம் எல்லையைத் தாண்டிய நிகழ்வு ஒன்றாவது, நலமாக இருந்த முழுமாதக் குழந்தைகளிலேயே பத்தில் நான்கு பேருக்கு மேல் பதிவானது. அதாவது 20 விநாடி என்ற கோடும் ஓர் ஏற்பாடுதான். அதைத் தாண்டிய குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்றும் இல்லை, தாண்டாத குழந்தை தப்பித்தது என்றும் இல்லை. வீட்டு மானிட்டர் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை, அதற்காக அதை வாங்கச் சொல்லி அமெரிக்கக் கழகமும் பரிந்துரைப்பதில்லை. அலாரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தூக்கம் போகும், பத்தாவது முறை அணைத்து வைப்பார்கள். மல்லாத்திப் படுக்க வைப்பதும், வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பதும், சளி பிடித்தவர்கள் குழந்தையைக் கொஞ்சாமல் இருப்பதும் காசு கேட்காதவை.

இவ்வளவும் 39 வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பொருந்தும். இதே குழந்தை 33 வாரத்தில் பிறந்திருந்தால் என் 18ஆம் நாள் முடிவு வேறாக இருந்திருக்கும். குறைமாதக் குழந்தைக்கு விட்டு விட்டு வரும் மூச்சும் அப்னியாவும் ஒன்றாகவே குடியிருக்கும். சுழற்சியின் நடுவில் வரும் ஒரு நிறுத்தம் சற்று நீண்டால், துடிப்பும் ஆக்சிஜனும் சேர்ந்து சரியலாம். அதனால் கர்ப்ப வாரங்களையும் பிறந்த பின் கழிந்த வாரங்களையும் கூட்டினால் 44 வாரம் ஆகும்வரை, வீடியோவை மட்டும் பார்த்து நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை, ஓர் இரவாவது மானிட்டரில் வைத்துப் பார்ப்பேன். குடலிறக்கம் போன்ற சிறிய அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தால், அந்தக் குழந்தைகளுக்குச் சில மாதம் கழித்தும் அப்னியா வரலாம். அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது அதனால்தான். பெற்றோர் அறுவை மருத்துவரிடம் குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் வளர்ந்து கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைப் பார்த்து அதைக் கேட்க யாருக்கும் தோன்றாமல் போகலாம்.